ஆறும் தெரியணும், அறையும் தெரியணும்: ஆறு ஃப்ரேமை மொறுமொறுப்பில்லாமச் சேர்த்த கதை

ஒரே அறையை வேற வேற வெளிச்சத்தில எடுத்த படங்கள ஒரு படமாச் சேர்க்கிற வேலை நேத்து ராவுதான் ஒரு மாதிரி முடிஞ்சிச்சு, மறக்கிறதுக்கு முதல் எழுதி வைப்பம் எண்டு இருக்கன், ஏனெண்டா இதே பிழைய நான் ரெண்டு வருசத்துக்கு முதலும் விட்டு, எப்பிடித் திருத்தின எண்டு எங்கயும் எழுதி வைக்காம விட்டதால திரும்பவும் முதல்ல இருந்து தொடங்க வேண்டி வந்திச்சு.

மட்டக்களப்புக் கல்லடியில ஆத்துப்பக்கமாப் பாத்த ஒரு வீடு. ரெண்டு அறைய வெளியாக்களுக்கு வாடகைக்கு விடுறாங்க. வீட்டுக்கார அண்ணன் கேட்டது ஒண்டே ஒண்டுதான், "தம்பி, கட்டிலும் தெரியணும், யன்னலுக்கால ஆறும் தெரியணும், போனில எடுத்தா ஒண்டு வெள்ளையாப் போகுது, இல்லாட்டி அறை குகை மாதிரி வருது." போனை மட்டும் குத்தம் சொல்ல ஏலாது. பகல் வெயில்ல யன்னலுக்கு வெளிய கிடக்கிற வெளிச்சத்துக்கும் கட்டிலுக்கு அங்கால மூலையில கிடக்கிற வெளிச்சத்துக்கும் நடுவில 9 ஸ்டொப், அதாவது ஒம்பது தரம் இரட்டிச்ச அளவு வித்தியாசம் இருந்திச்சு, நான் அளந்து பாத்தன், எப்பிடி அளந்த எண்டு கீழ சொல்றன்.

முதல் தரம் போனது பின்னேரம் நாலரைக்கு. அதுதான் முதல் பிழை. கல்லடியில ஆத்துப்பக்கம் எண்டா மேற்குப் பக்கம், நாலரைக்கு வெயில் நேர யன்னலுக்கால உள்ள வந்து நிலத்தில விழுது, ஆத்துத் தண்ணியில முழுக்கப் பளபளப்பு. ட்ரைபொட்டை வச்சு, ஒரே காட்சிய வேற வேற வெளிச்சத்தில தானா எடுக்கிற `AEB`-ஐப் போட்டு மூண்டு மூண்டா ஒம்பது படம் எடுத்து, வீட்ட வந்து எல்லாத்தையும் ஒண்டாக்கி வெளிச்ச வித்தியாசத்த அமுக்கிற ஒரு டோன் மேப்பிங் சொஃப்ட்வெயாருக்குள்ள போட்டு, ஸ்லைடர்களை இழுத்தன். டீட்டெயில் எண்டு ஒரு ஸ்லைடர், அத இழுக்க இழுக்க மேகம் எழும்பி வருது, மரப்பலகையிட ரேகை எழும்பி வருது, பாக்க நல்லா இருக்கிற மாதிரியே இருந்திச்சு. ராவு பன்ரெண்டு மணிக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும்.

காலம அண்ணனுக்கு வட்சப்பில அனுப்பினன். அவர் ஒண்டும் சொல்லல்ல, அவர்ட மனுசி, அக்காதான் வொய்ஸ் போட்டா: "தம்பி, என்ட சுவர் இப்பிடி ஊத்தையாவா கிடக்கு? போன மாசம்தான் பெயின்ட் அடிச்ச."

படத்தத் திரும்ப எடுத்துப் பாத்தன். சொன்னது சரி. வெள்ளைச் சுவரில பூச்சுக் கரண்டி போன தடம் ஒவ்வொண்டும் சாம்பல் கோடா நிக்குது, கட்டில் விரிப்பு கருங்கல்லு மாதிரி, யன்னல் சட்டத்தச் சுத்தி ஒரு வெள்ளை வளையம், வெளிய வானம் மழைக்கு முதல் இருக்கிற மாதிரி இருண்டு போய் நிக்குது. முறுக்கு மாதிரி மொறுமொறுத்த படம். அக்கா பாத்த ஊத்தை உண்மையில சுவரில இல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வித்தியாசங்கள அந்த ஸ்லைடர் பிடிச்சு அஞ்சு மடங்காக் காட்டினதுதான் ஊத்தையாத் தெரிஞ்சிச்சு.

GIMP எண்ட படம் திருத்துற சொஃப்ட்வெயாரில திறந்து கலர் பிக்கரால ஒரு நாலு இடத்தில தொட்டுப் பாத்தன், 0 தொடக்கம் 255 வரைக்கும் வாற இலக்கம். வெளிய வெயில்ல கிடக்கிற தண்ணி 128. உள்ள, யன்னலுக்குப் பக்கத்துச் சுவர் 141. அதாவது பட்டப்பகல் வெயில்ல கிடக்கிற தண்ணிய விட, நிழல்ல இருக்கிற சுவர் வெளிச்சமா இருக்கு. இது உலகத்தில நடக்காத விசயம். கண் இத எழுத்தாச் சொல்லாது, ஆனா பாத்த உடன "என்னமோ சரியில்ல" எண்டு சொல்லும். படத்த அஞ்சல் முத்திரை அளவுக்குச் சின்னதாக்கி கறுப்பு வெள்ளையாப் பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும், எங்க யன்னல் எங்க சுவர் எண்டு பிரிக்க ஏலாமக் கிடந்திச்சு.

ரெண்டாவது இலக்கம் அந்த வளையம். யன்னல் இருக்கிற சுவருக்கு யன்னல் வெளிச்சம் நேர விழாது, அது வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்கிற சுவர். அப்ப அந்தச் சுவர் ஓரளவு ஒரே அளவா மங்கலா இருக்கணும். என்ட படத்தில யன்னல்ல இருந்து தள்ளி 112, கிட்ட வர வர ஏறி சட்டத்து ஓரத்தில 146. அந்த ஏத்தம்தான் வளையம். இந்த ரெண்டு அளவையும் ஒரு கொப்பியில எழுதி வச்சன், இதுக்குப் பிறகு எதச் செஞ்சாலும் இந்த ரெண்டையும் பாத்துத்தான் நல்லமா கூடாதா எண்டு முடிவெடுத்த.

ரெண்டாந்தரம் போனது காலம எட்டரைக்கு. இப்ப வெயில் வீட்டுக்குப் பின்னால, கடல் பக்கம். ஆத்துக்கு முன்னுக்கு இருந்து வெயில் அடிக்குது, தண்ணி நீலமா இருக்கு, யன்னலுக்குள்ள நேர வெயில் இல்ல. தூரத்தில பழைய பாலத்திட இரும்புச் சட்டம் கூடத் தெரியுது.

கெமரா கெனன் 200டி, கூட வந்த 18-55 லென்ஸ். ட்ரைபொட் செக்கன் ஹேண்ட், 9,000 ரூபா, ஒரு கால் பூட்டு இறுகாது, அதுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கன். ரிமோட் இல்ல, 2 செக்கன் டைமரில விட்டா `AEB` மூண்டையும் தானே அடுத்தடுத்து எடுத்திரும், அதால ரிமோட் தேவைப்படல்ல. ஃபேனை நிப்பாட்டினன், கேட்டினைக் கட்டினன், அறை பல்பை அணைச்சன் (பல்பு மஞ்சள், வெளிய நீலம், ரெண்டும் கலந்தா சேர்த்த பிறகு சுவர் திட்டுத் திட்டா நிறம் மாறும்). ரோ ஃபைல், ஐஎஸ்ஓ 100, f/8, ஃபோகஸ் கையால பூட்டினது, வெள்ளைச் சமநிலை வெயிலுக்கு வச்சது, லென்ஸில இருக்கிற ஸ்டெபிலைசர் ஓஃப்.

அளந்த விதம் இதுதான்: மீட்டரை ஸ்பொட்டுக்கு மாத்தி, கெமராவை ஆத்துக்கு நேர பிடிச்சா 1/500 செக்கன் காட்டிச்சு. கட்டிலுக்கு அங்கால இருக்கிற மூலைக்குப் பிடிச்சா 1 செக்கன். 1/500-ல இருந்து இரட்டிச்சு இரட்டிச்சு 1 செக்கனுக்கு வர ஒம்பது தரம் இரட்டிக்கணும், அதுதான் 9 ஸ்டொப். என்ட கெமராவில `AEB` மூண்டு படம்தான், கூடினது 2 ஸ்டொப் இடைவெளி. அப்ப ரெண்டு தரம் எடுத்தன். முதல் தரம் நடுவு 1/125, அதால 1/500, 1/125, 1/30 கிடைச்சிச்சு. மறுகா நடுவு 1/2-க்கு மாத்தினா 1/8, 1/2, 2 செக்கன். மொத்தம் ஆறு, எல்லாம் சம இடைவெளி. M மோடில வச்சு எடுத்தா ஷட்டர் மட்டும்தான் மாறும், அப்பேச்சர் மாறக் கூடாது, மாறினா ஃபோகஸ் ஆழமும் மாறி ஓரங்கள் ஒட்டாது.

வீட்ட வந்து ரோ ஃபைலத் திறக்கிற RawTherapee எண்ட சொஃப்ட்வெயாரில ஆறு ஃபைலையும் டிஃப் படமா ஆக்கினன். இஞ்சயும் ஒரு மடத்தனம். ரோ ஃபைல் திறந்த உடன அது தானா வெளிச்சத்தையும் கொன்ட்ராஸ்டையும் மாத்திற ஒரு கேர்வ் போடும், `Auto-Matched Curve` எண்டு பேர், கெமராவிட ஜேபெக் எப்பிடி இருந்திச்சோ அதப் பாத்து ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியா. ஒரு படத்துக்கு நல்ல விசயம்தான். ஆனா ஆறு ஃப்ரேமுக்கு ஆறு விதமான கேர்வ் போனா, ஒரே சுவர் ஒவ்வொண்டிலயும் வேற வேற கொன்ட்ராஸ்டில வரும், சேர்க்கிற நேரம் அந்த மாற்றம் எல்லாம் திட்டா வெளிய வரும். ஒரு மணித்தியாலம் அலைஞ்ச பிறகுதான் கண்டுபிடிச்சன். ஆறுக்கும் `Neutral` ப்ரொஃபைலைப் போட்டு, 16 பிட் டிஃப். ஒவ்வொண்டும் 144 எம்பி அளவில வந்திச்சு, ஆறும் சேர்ந்து 860-க்கு மேல.

இனி சேர்க்கிறது. இந்த முறை டோன் மேப்பிங் பக்கமே போகல்ல. பனோரமாப் படம் ஒட்டுற Hugin-ஓட வாற enfuse எண்டு ஒரு சின்னச் சாமான், காசில்லாதது. இது செய்யிற வேலை எளிசு: ஒரு புள்ளிய எடுத்து, ஆறு ஃப்ரேமிலயும் அந்தப் புள்ளி எப்பிடி இருக்கு எண்டு பாக்கும், எந்த ஃப்ரேமில அது நடு வெளிச்சத்துக்குக் கிட்ட இருக்கோ அந்த ஃப்ரேமுக்குக் கூட நிறை குடுக்கும், வெள்ளையாவோ கறுப்பாவோ போனதுக்கு மிச்சம் குறைச்ச நிறை. பிறகு நிறைக்கேத்த மாதிரிக் கலக்கும். இத மேர்ட்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் எண்ட மூண்டு பேர் 2007-ல கட்டுரையா எழுதினது. இடையில 32 பிட் ஃபைலும் இல்ல, டீட்டெயில் ஸ்லைடரும் இல்ல.

ஸ்லைடர் இல்லாட்டியும் கெடுக்க வழி இருக்கு, நான் கெடுத்தன். `--contrast-weight` எண்டு ஒண்டு இருக்கு, தானா இருக்கிற அளவு 0. பேரப் பாத்து ஆசப்பட்டு 0.5 போட்டன். அது செஞ்சது, எந்த ஃப்ரேமில ஒரு இடம் கூர்மையாத் தெரியுதோ அந்த ஃப்ரேமுக்கு நிறை குடுத்தது, சுவர் மாதிரி வெறுமையான இடத்தில கூர்மையாத் தெரியிறது என்ன, நொய்ஸும் பூச்சுத் தடமும்தான். அக்காட ஊத்தை திரும்பி வந்திச்சு. 0-க்குக் கொண்டு போனன், ஊத்தை போயிட்டு.

இப்ப படம் மென்மையா இருந்திச்சு, ஆனா கொப்பி இலக்கத்தப் பாத்தா தண்ணி 150, சுவர் 131. முந்தினத விட நல்லம், தண்ணி இப்ப கூட. ஆனாலும் கிட்டக் கிட்ட நிக்குது, வெளிய மப்பு வெயில் மாதிரித்தான் தெரியுது. இதுக்குக் காரணம் யோசிச்சுப் பாத்தா சரியா விளங்கும். enfuse நடு வெளிச்சத்தத்தான் தேடும். நான் 1/500 ஃப்ரேமில ஆத்தை மீட்டர் சொன்ன மாதிரியே நடுவில வச்சுக் குடுத்திருக்கன், அப்ப அது "இதுதான் எனக்கு வேணும்" எண்டு அதையே எடுக்குது. மற்றப் பக்கம் 2 செக்கன் ஃப்ரேமில மூலையை நல்ல வெளிச்சமாக் குடுத்திருக்கன், அதையும் எடுக்குது. ரெண்டு பக்கமும் நடுவுக்கு இழுபட்டு வெயிலும் நிழலும் ஒண்டாப் போகுது. எல்லாத்தையும் மீட்டர் சொன்னபடி எடுத்தது படம் எடுக்கிற நேரம் சரி, சேர்க்கிற நேரம் அவ்வளவும் தேவையில்ல.

அதால ரெண்டு பக்கமும் வெட்டினன். இருட்டுப் பக்கத்தில 1/500 ஃப்ரேமை அப்பிடியே போடாம, அந்த ரோ ஃபைலை RawTherapee-யில 1 ஸ்டொப் கூட்டி டிஃப் ஆக்கினன், அதில ஆறு நடுவில இல்ல, நடுவுக்கு மேல வெளிச்சமா நிக்குது. மற்றப் பக்கம் 2 செக்கன் ஃப்ரேமை எடுத்து எறிஞ்சன். மூலை கொஞ்சம் இருண்டது. இருளட்டும், அது மூலை.

இதோட இன்னொரு சிக்கலும் தற்செயலாத் தீர்ந்திச்சு. ஆறு படம் எடுத்துக்கொண்டு இருக்கிற நேரம் ஒருத்தர் தோணியில வந்து யன்னலுக்கு நேர நிண்டு வலை எறிஞ்சவர். 1/500-ல கை மேல இருக்கு, 1/125-ல வலை விரிஞ்சு தோணி ஒரு முழம் தள்ளிப் போயிருக்கு, சேர்த்த படத்தில ரெண்டு தோணி, ஒண்டுக்குள்ளால மற்றது தெரியுது, ஆவி மாதிரி. தென்னோலைகளும் அப்பிடித்தான், ஒவ்வொரு ஓலைக்கும் ரெண்டு நுனி. யன்னலுக்கு வெளிய சரியாத் தெரியிறது இந்த ரெண்டு ஃப்ரேமிலதான், மிச்சம் நாலிலயும் அந்த இடம் வெள்ளை. அப்ப 1/125 ஃப்ரேமையும் விட்டிட்டு, அதுக்குப் பதிலா அதே 1/500 ரோவை 2 ஸ்டொப் கூட்டி இன்னொரு டிஃப் எடுத்தன். இப்ப வெளிய இருக்கிறது முழுக்க ஒரே நொடியில எடுத்த ஒரே படம், ஒரு தோணிதான். 2 ஸ்டொப் கூட்டினா நொய்ஸ் வராதா எண்டு கேட்டா, வெயில்ல கிடக்கிற இடத்துக்கு ஐஎஸ்ஓ 100-ல ஒண்டும் தெரியல்ல. உள்ள இருக்கிற இருட்டுக்கு இத மாதிரிச் செய்ய ஏலாது, அங்க நிழல் எல்லாம் பச்சையும் ஊதாவுமாக் குதறும், அதுக்குத்தான் உண்மையான நீண்ட ஃப்ரேம் வேணும்.

கடைசியா அஞ்சு டிஃப்: 1/500 கூட்டினது ரெண்டு, 1/30, 1/8, 1/2. இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு 1, 2, 3 எண்டு பேர் வச்சு:

```
align_image_stack -a al_ -C --use-given-order 1.tif 2.tif 3.tif 4.tif 5.tif
enfuse --depth=16 --contrast-weight=0 -o arai.tif al_*.tif
```

முதல் வரி எதுக்கெண்டா, முதல் மூண்டுக்கும் அடுத்த மூண்டுக்கும் நடுவில நான் கெமராவத் தொட்டு டயலைத் திருப்பினதில நாலஞ்சு பிக்சல் ஆடியிருந்திச்சு, யன்னல் கம்பி இரட்டைக் கோடா வந்தது அதாலதான். `--use-given-order` போடாட்டி அது படத்துக்குள்ள இருக்கிற எக்ஸ்போஷர் தகவலப் பாத்து வரிசைப்படுத்தும், என்ட முதல் ரெண்டும் ஒரே 1/500 எண்டுதான் பதிஞ்சிருக்கு, அதால நானே வரிசையைச் சொல்லிக் குடுக்கிறன். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லெப்டொப்பில ரெண்டு வரியும் ஓடி முடிய தேத்தண்ணி ஒண்டு போட்டுக் குடிச்சிட்டு வரலாம்.

இலக்கம்: தண்ணி 189, சுவர் 118. மேகத்திட ஓரம் ரெண்டு இடத்தில வெள்ளையாப் போகுது. அத மீட்கிறதுக்கு மினக்கெடல்ல, யன்னலுக்கால பாக்கிற நேரம் மேகம் கண்ணக் கூசத்தானே செய்யும்.

ஆனா வளையம் இன்னும் கொஞ்சம் இருந்திச்சு, யன்னலுக்குத் தள்ளி 110, ஓரத்தில 131. enfuse-ல எத மாத்தியும் இது அசையல்ல. கடைசியா 1/2 செக்கன் ஃப்ரேமைத் தனியாத் திறந்து பாத்தா, அந்தப் பால் மாதிரிப் படலம் சேர்க்கிறதுக்கு முதலே அதில கிடக்கு. லென்ஸைக் கழட்டி லைட்டுக்கு நேர பிடிச்சன். முன்னுக்குப் போட்டிருக்கிற யூவி ஃபில்டரில உப்பு. கல்லடிக் கடல் காத்துக்குள்ள திரியிற கெமரா, எப்ப துடைச்ச எண்டு எனக்கே ஞாபகம் இல்ல. யன்னல்ல இருந்து வாற வெளிச்சம் அந்த உப்புப் படலத்தில சிதறி சுத்தி இருக்கிற சுவருக்குப் பரவுது, கூட நேரம் திறந்திருக்கிற ஃப்ரேமில அது கூடத் தெரியும். சொஃப்ட்வெயாரைத் திட்டித் திட்டி ரெண்டு ராவு போனதுக்கு, ஃபில்டரைக் கழட்டி வச்சிட்டு மூண்டாந்தரம் போய் எட்டு நிமிசத்தில எடுத்து முடிச்சன். இந்தத் தரம் தோணிக்காரர் வரல்ல, ஒரு கொக்கு நிண்டிச்சு. ஓரத்து இலக்கம் 117-க்கு இறங்கிச்சு. மிச்சம் இருக்கிற ஏழு இலக்கம் லென்ஸிட குணம் எண்டு விட்டிட்டன்.

சேர்த்த டிஃப் அப்பிடியே பாத்தா சப்பெண்டுதான் இருக்கும், அதுக்குப் பயந்து திரும்ப கிளாரிட்டி போட்டா தொடங்கின இடத்துக்கே வந்திருவம். நான் செஞ்சது முழுப் படத்துக்கும் ஒரே ஒரு கேர்வ், கீழ்ப் பக்கத்தக் கொஞ்சம் இறக்கி மேல்ப் பக்கத்தக் கொஞ்சம் ஏத்தினது, தண்ணி 203-க்கு வந்திச்சு, கட்டிலுக்குக் கீழ உண்மையான கறுப்பு கிடைச்சிச்சு. ஷார்ப்பன் கடைசியில, இணையத்துக்குச் சின்னதாக்கின பிறகு மட்டும்.

அண்ணனுக்கு அனுப்பின பிறகு அக்காட வொய்ஸ் வந்திச்சு, சுவரப் பத்தி ஒண்டுமில்ல, அந்தக் கொக்கு நிக்கிற கட்டை அவங்கட பழைய தோணி கட்டுற கட்டையாம், அத எடுக்கச் சொல்லி மனுசனுக்கு எத்தின தரம் சொன்ன எண்டு ஒரு முறைப்பாடு.

செலவு எண்டு பாத்தா மூண்டு தரம் போய் வந்த பெற்றோல் 600 ரூபா, லென்ஸ் துடைக்கிற துணி 350. பேசின கூலி 12,000, அஞ்சு படத்துக்கு. மணித்தியாலக் கணக்குப் பாக்காம விடுறது மனதுக்கு நல்லம்.

அடுத்த தரம் போனா ஃபில்டரை வீட்டயே விட்டிட்டுப் போவன். யன்னலுக்கெண்டு மீட்டர் சொல்றத விட 1 ஸ்டொப் கூட்டி ஒரு ஃப்ரேம் எடுத்து அதையே வச்சுக்கொள்ளுவன், மேகம் இல்லாத நாள் எண்டா அது போதும். மற்றது, ரெண்டாவது அறையை இன்னும் எடுக்கல்ல, அதுக்கு வேற யோசனை இருக்கு. மூண்டாந்தரம் போன அண்டு பின்னேரமும் சும்மா நிண்டு பாத்தன், சூரியன் ஆத்துக்கு அங்கால இறங்கி ஒரு இருவது நிமிசத்தில வெளிய 1/8, உள்ள 2 செக்கன் எண்டு மீட்டர் காட்டிச்சு. ஒம்பது ஸ்டொப் நாலாக் குறைஞ்சிட்டு, அதுக்கு ரெண்டு ஃப்ரேம் காணும். ஆனா அந்த வெளிச்சம் பத்து நிமிசம்தான் நிண்டிச்சு, அதுக்குள்ள நுளம்பு ட்ரைபொட்டடியில நிக்க விடல்ல.